13-ஆ, 18-ஆ? மங்கலான போட்டோவிலிருந்து ஒரு சப்நெட் கணக்கு

அக்கா மகள் டிப்ளமோவில் கம்ப்யூட்டர் பிரிவு படிக்கிறாள். லேப் பயிற்சித் தாளைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வரி: "மாமா, இதுல நம்பரே சரியா தெரியல, நீங்களே பாத்து சொல்லுங்க." படம் சாய்வாக எடுத்தது. டியூப்லைட் வெளிச்சம் தாளின் நடுவில் பட்டை அடித்திருந்தது. அதோடு ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த தாள் என்பதால் 3 எல்லாம் 8 மாதிரியும், 8 எல்லாம் 3 மாதிரியும் தெரிந்தன.

கேள்வி வழக்கமானதுதான். ஒரு கம்பெனிக்கு ஒரே முகவரித் தொகுதி. அதை ஐந்து துறைகளுக்கும், இரண்டு ரவுட்டர்களை இணைக்கும் ஒரு லிங்க்குக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சப்நெட் மாஸ்க், முதல் முகவரி, கடைசி முகவரி, பிராட்காஸ்ட் எழுத வேண்டும். துறைகளின் பட்டியல் இந்த வரிசையில் இருந்தது: மனிதவளம் 20, உற்பத்தி 180, அக்கவுண்ட்ஸ் 30, ஐடி 10, விற்பனை 75. இவற்றில் 180 என்பது 130 ஆகவும் இருக்கலாம், 30 என்பது 80 ஆகவும் இருக்கலாம். தொகுதியின் முகவரியோ `172.20.18.0/23` அல்லது `172.20.13.0/23`. அந்த சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது 23-ஆ 28-ஆ என்பதும் சந்தேகம்தான்.

இன்னொரு போட்டோ கேட்டிருக்கலாம். தாள் தோழியிடம் போய்விட்டதாம், திங்கட்கிழமைதான் கையில் கிடைக்கும் என்றாள். சரி, கணக்கே சொல்லட்டும் என்று உட்கார்ந்தோம்.

முதலில் அந்த 23 அல்லது 28. இது சுலபம். 28 என்றால் 32 பிட்டில் 28 நெட்வொர்க்குக்குப் போய், ஹோஸ்டுக்கு மிஞ்சுவது 4 பிட். மொத்தமே 16 முகவரிதான். உற்பத்தித் துறைக்கு மட்டுமே நூறுக்கு மேல் வேண்டும். ஆகவே 28 இல்லை. 23 என்றால் ஹோஸ்டுக்கு 9 பிட், 512 முகவரி. துறைகளின் கூட்டுத்தொகை 315. 512-க்குள் அடங்கும், ஒரு படி கீழே 256-க்குள் அடங்காது. ஆக அது 23தான்.

அடுத்து 13-ஆ 18-ஆ. பல பேர் கவனிக்காத இடம் இது. ஒரு தொகுதி எந்த எண்ணில் வேண்டுமானாலும் தொடங்கிவிட முடியாது. 512 முகவரி கொண்ட தொகுதி 512-இன் மடங்கில்தான் தொடங்க வேண்டும். மூன்றாவது ஆக்டெட்டில் ஒரு எண் என்பது 256 முகவரி. எனவே 23 போட்ட தொகுதியின் மூன்றாவது ஆக்டெட் இரட்டைப்படையாகத்தான் இருக்கும். பிட்டாக எழுதினால் கண்ணுக்கே தெரியும். 13 என்பது 00001101, 18 என்பது 00010010. 23 என்னும் மாஸ்க் மூன்றாவது ஆக்டெட்டின் கடைசி பிட்டை ஹோஸ்டுக்கு விட்டுவிடுகிறது. நெட்வொர்க் முகவரியில் ஹோஸ்ட் பிட் எல்லாம் 0 ஆக இருக்க வேண்டும். 13-இன் கடைசி பிட் 1. ஆக `172.20.13.0` அந்த மாஸ்க்கில் நெட்வொர்க் முகவரியே கிடையாது. அது `172.20.12.0/23` தொகுதியின் நடுவில் உட்கார்ந்திருக்கும் சாதாரண ஹோஸ்ட் முகவரி.

நம்பாவிட்டால் பைத்தானிடம் கேட்கலாம். `ipaddress` கூடவே வரும் மாட்யூல், தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

```
>>> import ipaddress
>>> ipaddress.ip_network("172.20.13.0/23")
ValueError: 172.20.13.0/23 has host bits set
```

18 போட்டால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. தேர்வுத்தாளில் எண் தெளிவாகவே இருந்தாலும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுவது நல்லது. வினாத்தாள் அடிப்பவர்களும் சில சமயம் எல்லையில் நிற்காத முகவரியைத் தொகுதி என்று போட்டுவிடுகிறார்கள். அதன்மேல் எவ்வளவு அழகாகப் பிரித்தாலும் துண்டுகள் தொகுதிக்கு வெளியே போய்விடும்.

180-ஆ 130-ஆ என்பதைப் பற்றிக் கவலையே பட வேண்டாம். இரண்டும் 126-க்கு மேல், 254-க்குக் கீழ். எதுவாக இருந்தாலும் 256 முகவரி கொண்ட துண்டுதான் கொடுக்க முடியும். விடை மாறாது.

அக்கவுண்ட்ஸின் 30-ஆ 80-ஆ என்பது அப்படி இல்லை. 80 என்றால் 128 முகவரி கொண்ட துண்டு வேண்டும். உற்பத்திக்கு 256, விற்பனைக்கு 128, அக்கவுண்ட்ஸுக்கு 128. கூட்டிப் பாருங்கள், 512. தொகுதி அத்தோடு தீர்ந்தது. மனிதவளத்துக்கும் ஐடிக்கும் ஒரு முகவரிகூட மிச்சமில்லை. விடை இல்லாத கேள்வியை லேப் தாளில் கேட்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் அது 30தான். திங்கட்கிழமை தாளைப் பார்த்தபோது 18, 23, 30 எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் அதற்குள் வேலையை முடித்திருந்தோம்.

அவள் ஏற்கெனவே ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தாள். ஆறு துண்டு வேண்டும், அதனால் 3 பிட் கடன் வாங்கி எட்டாகப் பிரித்திருந்தாள். 512-ஐ எட்டாகப் பிரித்தால் துண்டுக்கு 64, அதில் ஹோஸ்டுக்கு 62. உற்பத்தியின் 180 பேரை எங்கே வைப்பது? இரண்டு ரவுட்டருக்கு இடையிலுள்ள லிங்க்குக்கோ வேண்டியது இரண்டே முகவரி, அங்கே 60 வீணாகிறது. சமமாகப் பிரிக்கும் முறை இந்தக் கேள்விக்குப் பொருந்தாது என்பது பெரிய துறையைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். தேவைக்கேற்ற அளவில் வெட்ட வேண்டும். பாடத்தில் வி.எல்.எஸ்.எம். என்று வருவது இதுதான்.

எந்தத் துறைக்கு எவ்வளவு பெரிய துண்டு? துண்டுகளின் அளவு 4, 8, 16, 32, 64, 128, 256 என்று இரண்டின் அடுக்காகத்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் முதல் எண் நெட்வொர்க்கின் பெயர், கடைசி எண் பிராட்காஸ்ட். இரண்டையும் எந்தக் கருவிக்கும் கொடுக்க முடியாது. ஆகவே 32-இல் 30, 64-இல் 62, இப்படி. அக்கவுண்ட்ஸுக்கு 30 கம்ப்யூட்டர், 32-இல் சரியாக 30 இடம். கச்சிதமாகப் பொருந்துகிறது என்று அவள் 27 என்று எழுதி வைத்திருந்தாள்.

நான் போட்டோவைப் பெரிதாக்கிக் கீழே இருந்த படத்தைக் காட்டினேன். ஒவ்வொரு துறையின் சுவிட்சிலிருந்தும் ஒரு கோடு ரவுட்டருக்குப் போகிறது. அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் முகவரி ரவுட்டரின் போர்ட்டுக்கு.

"ரவுட்டருக்கும் ஒண்ணு வேணுமா?"

"அதுதானே கேட்வே. அது இல்லாம உன் அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர் எப்படி வெளிய போகும்?"

30 கம்ப்யூட்டர், ஒரு கேட்வே, ஆக 31. 32 முகவரித் துண்டில் 31 அடங்காது. 64-க்குப் போக வேண்டும், அதாவது 26. தாளில் 30 என்று போட்டதே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். 25 என்றோ 28 என்றோ போட்டிருந்தால் யாருமே தடுமாற மாட்டார்கள். 14, 30, 62, 126 என்று ஏதாவது ஒரு எண்ணைக் கண்டால் உடனே நின்று, கேட்வே இதில் சேர்ந்ததா சேராததா என்று கேள்வியைத் திரும்பப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டர் என்று சொன்னால் கேட்வே தனி. ஹோஸ்ட் முகவரி இத்தனை தேவை என்று சொன்னால் கேட்வேயையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் தொங்கினால், எப்படி எடுத்துக்கொண்டோம் என்பதை விடைத்தாளில் ஒரு வரி எழுதிவிடுவதுதான் வழி. இதில் குறிப்பு தெளிவாக இருந்ததால் சந்தேகமில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். உற்பத்தி 181, துண்டு 256. விற்பனை 76, துண்டு 128. மனிதவளம் 21, துண்டு 32. ஐடி 11, துண்டு 16. லிங்க்குக்கு 2, துண்டு 4. கூட்டினால் அக்கவுண்ட்ஸின் 64-ஐயும் சேர்த்து 500. தொகுதியில் 512 இருக்கிறது. இடம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. லிங்க்குக்கு 2 முகவரியே போதும் என்று 31 போடும் முறையும் உண்டு. 2000-இல் வந்த ஆர்.எஃப்.சி 3021 அதை அனுமதிக்கிறது. கல்லூரித் தாளில் அதைப் போட்டுத் திருத்துபவரோடு வாதாட வேண்டாம் என்று 30-லேயே நின்றோம்.

இப்போது அடுக்குவது. பெரியதிலிருந்து சிறியதற்குப் போ என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று சொல்வதில்லை. மேலே 13-ஐத் தள்ளிய அதே விதிதான் காரணம். ஒவ்வொரு துண்டும் தன் அளவின் மடங்கில்தான் தொடங்க வேண்டும். 256-ஐ வைத்து முடித்த இடம் 128-க்கும் மடங்கு, 128-ஐ முடித்த இடம் 64-க்கும் மடங்கு. இறங்கிக்கொண்டே போனால் இடைவெளி விழாது. தாளில் இருந்த வரிசையிலேயே, மனிதவளத்தை 18.0-இல் வைத்துவிட்டு உற்பத்தியை 18.32-இல் தொடங்க முடியாது. 256-க்கு அடுத்த எல்லை 19.0. நடுவில் 224 முகவரி ஓட்டையாக நிற்கும். அந்த ஓட்டைக்குள் மற்றதை எல்லைகள் பார்த்துச் சாமர்த்தியமாகச் சொருகினால் அதுவும் சரியான விடைதான். விற்பனையை 18.128-லும், அக்கவுண்ட்ஸை 18.64-லும், ஐடியை 18.32-லும், லிங்க்கை 18.48-லும் வைக்கலாம், ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. ஆக வரிசை ஒரு வசதி. எல்லைதான் சட்டம்.

நாங்கள் பெரியதிலிருந்தே இறங்கினோம்.

| துறை | நெட்வொர்க் | மாஸ்க் | முதல் – கடைசி | பிராட்காஸ்ட் |
|---|---|---|---|---|
| உற்பத்தி | 172.20.18.0/24 | 255.255.255.0 | 18.1 – 18.254 | 18.255 |
| விற்பனை | 172.20.19.0/25 | 255.255.255.128 | 19.1 – 19.126 | 19.127 |
| அக்கவுண்ட்ஸ் | 172.20.19.128/26 | 255.255.255.192 | 19.129 – 19.190 | 19.191 |
| மனிதவளம் | 172.20.19.192/27 | 255.255.255.224 | 19.193 – 19.222 | 19.223 |
| ஐடி | 172.20.19.224/28 | 255.255.255.240 | 19.225 – 19.238 | 19.239 |
| லிங்க் | 172.20.19.240/30 | 255.255.255.252 | 19.241 – 19.242 | 19.243 |

அட்டவணையின் கடைசி இரண்டு பத்திகளில் முன்னால் வரும் 172.20-ஐ இடத்துக்காக விட்டிருக்கிறேன். விடைத்தாளில் முழுசாக எழுத வேண்டும்.

மாஸ்க்கின் கடைசி எண்ணை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 256-இலிருந்து துண்டின் அளவைக் கழித்தால் வந்துவிடும். 256-இல் 64 போனால் 192, 32 போனால் 224. இது கடைசி ஆக்டெட்டுக்குள் இருக்கும் துண்டுகளுக்கு மட்டும். முழுத் தொகுதியின் மாஸ்க்கைக் கேட்டால் அது 255.255.254.0. பிராட்காஸ்ட் என்பது அடுத்த துண்டின் தொடக்கத்துக்கு முந்தைய எண். ஒரு வரியின் பிராட்காஸ்ட்டோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த வரியின் நெட்வொர்க் வர வேண்டும். பெரியதிலிருந்து இறங்கிய பட்டியலைச் சரிபார்க்க இதைவிட வேகமான வழி இல்லை.

26-க்குப் பதில் 27 என்றே வைத்திருந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். ஒரு முகவரியை எடுத்துப் பார்த்தோம். 172.20.19.170. கடைசி ஆக்டெட் 170, பிட்டில் 10101010. 26-இன் மாஸ்க் 192, அது 11000000. இரண்டையும் பிட்டுக்குப் பிட் ஆண்ட் செய்தால் 10000000, அதாவது 128. அக்கவுண்ட்ஸ். 27-இன் மாஸ்க் 224, அது 11100000. ஆண்ட் செய்தால் 10100000, அதாவது 160. வேறு நெட்வொர்க். முகவரி அதே, மாஸ்க்கில் ஒரே ஒரு பிட் மாறியதும் அந்தக் கம்ப்யூட்டர் குடியிருக்கும் தெருவே மாறிவிட்டது. அக்கவுண்ட்ஸ் 27 ஆக இருந்த அவளுடைய பழைய பட்டியலில் 160-இல் தொடங்குவது மனிதவளம். ஒரு வரியைத் திருத்தினால் அதற்குக் கீழே உள்ள எல்லா வரிகளையும் திருத்தியே ஆக வேண்டும் என்பது இதனால்தான்.

தாளில் முடித்ததைப் பேக்கெட் டிரேசர் சிமுலேட்டரில் கட்டிப் பார்த்தோம். 2911 ரவுட்டர் இரண்டு. முதல் ரவுட்டரில் உற்பத்தியும் விற்பனையும். இரண்டாவதில் மற்ற மூன்றும். 2911-இல் மூன்று கிகாபிட் போர்ட்தான் உண்டு. இரண்டாவது ரவுட்டரில் அந்த மூன்றும் துறைகளுக்கே போய்விடுவதால் லிங்க்குக்கு HWIC-2T கார்டு சொருகி சீரியல் கேபிள் போட்டோம். கார்டு சொருகுவதற்கு முன் படத்திலுள்ள பவர் சுவிட்சை அணைக்காவிட்டால் அது ஏற்காது.

அக்கவுண்ட்ஸ் போர்ட்:

```
interface GigabitEthernet0/0
 ip address 172.20.19.129 255.255.255.192
 no shutdown
```

இங்கே வேண்டுமென்றே இரண்டு தவறுகளை அடித்துக் காட்டினேன். ரவுட்டர் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்று தெரிய வேண்டும் அல்லவா. முதலில் 129-க்குப் பதில் 128. நெட்வொர்க் முகவரியை போர்ட்டுக்குக் கொடுக்கிறோம்:

```
Bad mask /26 for address 172.20.19.128
```

மாஸ்க் தப்பு என்று திட்டுகிறது. உண்மையில் மாஸ்க் சரி, முகவரிதான் துண்டின் விளிம்பில் நிற்கிறது. 191 என்று பிராட்காஸ்ட்டைக் கொடுத்தாலும் இதே மாதிரிதான் திட்டும். இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு மாஸ்க்கை மாற்ற ஆரம்பித்தவர்களை வேலையிடத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொரு மாஸ்க் போட்டால் சில சமயம் ஏற்றுக்கொண்டும்விடும், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கும்.

இரண்டாவது, அக்கவுண்ட்ஸை 26 ஆக்கிவிட்டு மனிதவளத்தை மட்டும் பழைய பட்டியலின் 160-லேயே விட்டுவைப்பது:

```
% 172.20.19.160 overlaps with GigabitEthernet0/0
```

நல்லவேளையாக இரண்டு துறைகளும் ஒரே ரவுட்டரில் இருந்தன. ரவுட்டர் தன்னுடைய சொந்தப் போர்ட்டுகளை மட்டும்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். மனிதவளம் முதல் ரவுட்டரில் இருந்திருந்தால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கும். பிறகு அக்கவுண்ட்ஸில் 160 முதல் 190 வரை உள்ள கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் பதில் வழிமாறிப் போகும். 130 முதல் 159 வரை உள்ளவை ஜோராக வேலை செய்யும். பாதிப் பேருக்குத்தான் பிரச்சினை என்று புகார் வந்தால் கேபிளைத் தொடுவதற்கு முன் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று கேட்பது அதனால்தான்.

எழுதிய பட்டியல் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதா என்பதைக் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

```
import ipaddress as ip
nets = ["172.20.18.0/24", "172.20.19.0/25", "172.20.19.128/26",
        "172.20.19.192/27", "172.20.19.224/28", "172.20.19.240/30"]
nets = [ip.ip_network(n) for n in nets]
for i, a in enumerate(nets):
    print(a, a.netmask, a[1], a[-2], a.broadcast_address)
    for b in nets[i+1:]:
        if a.overlaps(b): print("overlap:", b)
```

ரவுட்டர் பிடிக்காத தவறு கம்ப்யூட்டர் பக்கத்தில் இருக்கிறது. பேக்கெட் டிரேசரில் அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரைத் திறந்து 172.20.19.140 என்று அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால், மாஸ்க் தானாக 255.255.0.0 என்று நிரம்பிவிடுகிறது. 172-இல் தொடங்கினால் பழைய பி வகுப்பு என்று அது நினைத்துக்கொள்கிறது. விண்டோஸின் பழைய ஐபி அமைப்புப் பெட்டியும் இதையேதான் செய்யும். 1993-லேயே வகுப்பு முறையைக் கைவிட்டு மாஸ்க்கைத் தனியாகச் சொல்லும் முறைக்கு மாறிவிட்டார்கள். அந்தப் பெட்டிக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. ஓகே அழுத்திவிட்டு அடுத்த கம்ப்யூட்டருக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

255.255.0.0 போட்ட கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? 172.20 என்று தொடங்கும் எல்லாமே என் பக்கத்து மேசை என்று நினைக்கும். கேட்வே 129-ஐ பிங் செய்தால் பதில் வரும். அதே துறையில் 141-ஐ பிங் செய்தாலும் வரும். மனிதவளத்தின் 200-ஐ பிங் செய்யும்போது அது கேட்வேயிடம் போகாது. தன் சுவிட்சிலேயே "200 யார்?" என்று ஏஆர்பியில் கூவும். 200 அந்த சுவிட்சில் இல்லை. லினக்ஸ் கம்ப்யூட்டராக இருந்தால் `ip neigh` கொடுத்துப் பார்க்கலாம். 172.20.19.200-க்கு எதிரே `FAILED` என்று நிற்கும். வேறு நெட்வொர்க்கில் உள்ள முகவரி அந்தப் பட்டியலில் வந்திருப்பதே மாஸ்க் அகலமாகிவிட்டது என்பதற்கு அடையாளம். மாஸ்க் சரியாக இருந்தால் அந்தப் பட்டியலில் கேட்வேயும் தன் துறைக் கருவிகளும் தவிர வேறெதுவும் வராது.

நிஜ சிஸ்கோ ரவுட்டரில் இது இன்னும் விஷமமானது. அதில் பிராக்ஸி ஏஆர்பி என்ற வசதி இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கும். 200-ஐத் தேடிக் கம்ப்யூட்டர் கூவும்போது, அந்த நெட்வொர்க்குக்கு வழி தெரிந்த ரவுட்டர் "நான்தான் 200" என்று தன்னுடைய மேக் முகவரியைக் கொடுத்துவிடும். பாக்கெட் ரவுட்டருக்கு வந்து, அங்கிருந்து சரியான இடத்துக்குப் போய்விடும். பிங் வெற்றி. மாஸ்க் தவறு என்று யாருக்கும் தெரியாது. பல மாதம் கழித்து பாதுகாப்புக்காக யாராவது `no ip proxy-arp` போடும் நாளில் ஒரு துறையே மற்ற துறைகளிடமிருந்து துண்டாகும், பழி அன்றைக்கு வேலை செய்தவர்மேல் விழும். விண்டோஸில் `arp -a` அடித்துப் பார்த்தால் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். வெவ்வேறு துறைகளின் முகவரிகள் வரிசையாக வந்து எல்லாவற்றுக்கும் எதிரே கேட்வேயின் அதே மேக் முகவரி நின்றால், ரவுட்டர் ஆள்மாறாட்டம் செய்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மாஸ்க் தேவைக்கு மேல் குறுகினால் அறிகுறி வேறு. விற்பனைத் துறையில் 19.100-க்கு 255.255.255.128-க்குப் பதில் 255.255.255.192 போட்டால், அதன் பார்வையில் தன் தெரு 64-இலிருந்து 127 வரை. கேட்வே 19.1 அதற்கு வெளியே. கேட்வேக்கே போக முடியாதபோது வெளியே எப்படிப் போவது? லினக்ஸில் அந்தக் கேட்வேயைச் சேர்க்கப் போனால் `Error: Nexthop has invalid gateway.` என்று சொல்லிவிடும், விண்டோஸும் எச்சரிக்கும். ஆனால் அதே தவறான மாஸ்க் 19.30-இல் இருந்தால் எச்சரிக்கை எதுவும் வராது, ஏனென்றால் 0 முதல் 63 வரை என்ற அதன் தெருவுக்குள் கேட்வே இருக்கிறது. அது பக்கத்து மேசை 19.100-க்கும் கேட்வே வழியாகவே பாக்கெட் அனுப்பும். வேலை நடக்கும், சுற்றிக்கொண்டு நடக்கும்.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் மாஸ்க்கைக் கையால் திருத்தி, துறைக்கு இரண்டு கம்ப்யூட்டர் வைத்து, ஒன்றைத் துண்டின் முதல் பக்கத்து எண்ணிலும் மற்றொன்றைக் கடைசி எண்ணிலும் வைக்கச் சொன்னேன். அக்கவுண்ட்ஸில் 130-உம் 190-உம், மனிதவளத்தில் 194-உம் 222-உம். எல்லாக் கம்ப்யூட்டரையும் 2, 3, 4 என்று அடுத்தடுத்து வைத்துச் சோதித்தால் மாஸ்க் ஒரு பிட் தவறினாலும் பிங் வெற்றியாகிவிடும். தவறு எல்லையில்தான் வெளியே தெரியும்.

ரவுட்டுகளைச் சேர்க்கும்போது ஒரு வசதி தெரிந்தது. இரண்டாவது ரவுட்டரின் மூன்று துறைகளும் 19.128-இலிருந்து மேலே இருப்பதால் முதல் ரவுட்டரில் ஒரே வரி போதும்:

```
ip route 172.20.19.128 255.255.255.128 172.20.19.242
```

லிங்க்கின் 240-உம் இந்த வரம்புக்குள்தான் வருகிறது. அதனால் குழப்பமில்லை. நேரடியாக இணைந்த 30-இன் மாஸ்க் நீளமானது, ரவுட்டர் நீளமான மாஸ்க்கைத்தான் முதலில் எடுக்கும். எதிர்ப்பக்கம் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தனித்தனி வரி கொடுத்தோம்.

பிங் எல்லாம் ஓடிய பிறகு அவள் மிச்சத்தைப் பற்றிக் கேட்டாள். தாளின் கடைசிக் கேள்வியும் அதுதான்: இன்னும் ஒரு துறை வந்தால் எங்கே வைப்பாய்? 512-இல் 500 போக 12 இருக்கிறது, 244 முதல் 255 வரை. அவள் உடனே 12 முகவரி, 10 கம்ப்யூட்டர் என்றாள். 12 என்பது ஒரே துண்டாக வராது. 244 என்பது 4-இன் மடங்கு, 8-இன் மடங்கு இல்லை. ஆகவே அது `172.20.19.244/30` ஒன்று, `172.20.19.248/29` ஒன்று என்று இரண்டாக உடையும். முதலாவது இன்னொரு ரவுட்டர் லிங்க்குக்கு ஆகும். இரண்டாவதில் 8 முகவரி. நெட்வொர்க் 248-உம் பிராட்காஸ்ட் 255-உம் போக 6. அதில் 249 கேட்வேக்குப் போய்விடும். ஐந்து பேர் கொண்ட துறை வந்தால் வைக்கலாம். ஆறு பேர் வந்தால் இந்தத் தொகுதியில் புதுத் துண்டு கிடையாது.